அந்த எட்டு எங்கிருந்து வந்தது?

தமிழ் 78, ஆங்கிலம் 64, இயற்பியல் 58, வேதியியல் 81, கணிதம் 62, உயிரியல் 67. மொத்தம் 410.

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கைப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே இந்த மதிப்பெண் பட்டியலைத் திரையில் திறந்து கொடுத்துவிடுவோம். இது எந்த மாணவருடையதும் அல்ல. எந்தத் தேர்வு வாரியத்தின் படிவமும் அல்ல. பயிற்சிக்கென்றே நாங்கள் அச்சடித்து, சீல் வைத்து, ஸ்கேன் செய்து, அதன் பிறகு கணினியில் மதிப்பெண்ணைத் திருத்தி வைத்திருக்கும் மாதிரி. வேதியியலில் உண்மையான மதிப்பெண் 51. மொத்தம் 380.

போன முறை வந்த பெண் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "கூட்டிப் பார்த்துட்டேன் சார், 410 சரியா வருதே!" என்றாள். சரியாகத்தான் வரும். மதிப்பெண்ணைத் திருத்துகிறவன் முதலில் சரிசெய்வது கூட்டலைத்தான். அதனால் கூட்டல் சரியாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எண்ணை எண்ணாகப் படிப்பதை நிறுத்திவிட்டு, அதை ஒரு படமாகப் பார்க்கத் தொடங்கினால்தான் திருத்தம் கண்ணில் படும். அப்படிப் பார்ப்பது எப்படி என்பதை இந்த ஒரே பட்டியலை வைத்துச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே வெளிச்சம், ஒரே நொடி

ஸ்கேனரில் தாளை வைத்து மூடியதும் ஒரு விளக்கு நகர்ந்து போகிறது. தாள் முழுவதையும் அந்த ஒரே விளக்கும் ஒரே உணரியும்தான் படிக்கின்றன. தாள் லேசாகச் சாய்ந்திருந்தால் அதில் உள்ள எல்லா வரிகளும் அதே அளவுக்குச் சாயும். கண்ணாடியில் தூசி இருந்தால் அது படத்தில் வரும். மையின் ஓரம், தாளின் நார், காகிதத்தின் மங்கிய மஞ்சள் என எல்லாமே ஒரே அளவு கலங்கலோடு பதியும்.

பிறகு கணினியில் ஒட்டப்படும் எண் இந்தக் கண்ணாடியைக் கடந்து வந்ததில்லை. வந்திருந்தாலும் பக்கத்தின் வேறொரு மூலையிலிருந்து வந்திருக்கும். ஒட்டிய எழுத்து, பொருந்தாத எழுத்துரு, திட்டுத்திட்டான பின்னணி, கலைந்த முத்திரை ஆகிய நான்கும் இந்த ஒரே காரணத்தால் வருபவை. "இந்த இடம் மட்டும் பக்கத்தின் மற்ற இடங்களோடு சேர்ந்து ஸ்கேன் ஆனதா?" என்ற கேள்விதான் சோதனை முழுவதும்.

தொடங்கும் முன் கோப்பு எப்படி வந்தது என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத்தான் வந்து சேரும். நாம் தேடும் நுண்ணிய அடையாளங்கள் அதிலேயே அழிந்துவிடும். மின்னஞ்சலில் கேளுங்கள், அல்லது வாட்ஸ்அப்பிலேயே 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தது என்றால் நல்லது. அந்த அளவில் ஏ4 தாள் ஒன்று 2480 பிக்சல் அகலமும் 3508 பிக்சல் உயரமும் இருக்கும். சாதாரண அச்சில் ஓர் எண் சுமார் 30 பிக்சல் உயரத்துக்கு வரும். ஆராய்வதற்கு அது போதும். அதே பக்கம் 800 பிக்சல் அகலத்தில் வந்தால் ஓர் எண்ணுக்குப் பத்துப் பிக்சல்கூடத் தேறாது. அந்தக் கோப்பை வைத்துச் சந்தேகப்படுவதும் சரியில்லை, நம்புவதும் சரியில்லை. வேறு ஸ்கேன் கேட்க வேண்டும்.

இரண்டு எட்டுகள்

இப்போது படத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். நம் மாதிரியில் மூன்று மதிப்பெண்களில் எட்டு இருக்கிறது: தமிழில் 78, இயற்பியலில் 58, வேதியியலில் 81. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள்.

தமிழின் எட்டில் மேல் வளையம் கொஞ்சம் நிரம்பியிருக்கிறது. இயற்பியலின் எட்டில் கீழ் வளையத்தின் இடப்பக்கம், எழுத்தைத் தொட்டும் தொடாமலும் ஒரு கரும்புள்ளி இருக்கிறது. அச்சு இயந்திரத்தின் டோனர் தூள் சிதறியதால் விழுந்த புள்ளி அது. வேதியியலின் எட்டுக்கு வாருங்கள். கீழ் வளையம், இடப்பக்கம், அதே இடத்தில் அதே கரும்புள்ளி.

அச்சு இயந்திரம் ஒரே எட்டைத்தான் மூன்று முறை அடித்தது. ஆனாலும் தாளில் விழும்போது மூன்றும் வேறு வேறு நாரின் மேல் விழுகின்றன. தூள் வேறு வேறு மாதிரி சிதறுகிறது. ஸ்கேனரின் பிக்சல் கட்டங்கள் மூன்றையும் வெவ்வேறு இடத்தில் வெட்டுகின்றன. ஒரு வீட்டு வாசலில் ஒரே அச்சில் மூன்று கோலம் போட்டாலும் மாவு ஒரே மாதிரி விழாது. அதனால் ஸ்கேனில் இரண்டு எண்கள் புள்ளிக்குப் புள்ளி ஒத்துப்போனால், ஒன்று மற்றொன்றின் நகல் என்று சந்தேகிக்க இடமுண்டு.

கண்ணால் பார்ப்பது போதவில்லை என்றால் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் சரிபார்க்கலாம். ஓர் எட்டை வெட்டி எடுத்து, தனி அடுக்காக மற்ற எட்டின் மேல் வைத்து, அடுக்கின் முறையை `Difference` என்று மாற்றுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் கறுப்பாகும். தமிழின் எட்டை இயற்பியலின் எட்டின் மேல் வைத்தால், எவ்வளவு நகர்த்திப் பார்த்தாலும் ஓரங்களில் வெளிறிய கோடு தெரிந்துகொண்டே இருக்கும். வேதியியலின் எட்டை வைத்தால் ஏறத்தாழ முழுக் கறுப்பு. நம் மாதிரியில் ஐந்தின் மேல் உட்கார வைத்த எட்டு, இயற்பியலிலிருந்து வந்தது.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. அதற்கு 2013-இல் வெளியான ஒரு சம்பவமே சாட்சி. டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது அறைகளின் பரப்பளவு மாறியிருப்பது தெரியவந்தது. அசலில் மூன்று அறைகளுக்கு 14.13, 21.11, 17.42 என்று இருந்தது. ஸ்கேனில் மூன்றுக்குமே 14.13. யாரும் எதையும் திருத்தவில்லை. கோப்பின் அளவைக் குறைப்பதற்காக 'ஜேபிக்2' என்ற சுருக்கு முறை, பக்கத்தில் ஒன்றுபோலத் தெரியும் துண்டுகளைத் தேடி, ஒரே துண்டைச் சேமித்து எல்லா இடத்திலும் அதையே போட்டுவிடும். துண்டுகள் உண்மையிலேயே ஒன்றுதானா என்பதில் அது தவறியதால் ஆறு எட்டானது. நிறுவனமும் குறையை ஒப்புக்கொண்டு மென்பொருளைத் திருத்தியது.

ஆகவே ஒரே மாதிரியான எட்டுகளைக் கண்டதும் பக்கத்தின் மற்ற எழுத்துகளையும் பாருங்கள். எல்லா 'அ'வும் எல்லா ஆறும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் அது சுருக்கு முறையின் வேலை; மாணவர் மேல் பழியில்லை. பக்கம் முழுவதும் எண்கள் தங்களுக்குள் வேறுபட்டு, இந்த இரண்டு எட்டு மட்டும் ஒத்துப்போனால்தான் அது பேசுகிறது.

தட்டச்சு செய்த சொல்

பட்டியலில் மதிப்பெண் எண்ணிலும் எழுத்திலும் இருக்கும். எண்ணை மாற்றினால் எழுத்தையும் மாற்ற வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆங்கிலத்தில் 'ஃபைவ்' நான்கு எழுத்து. 'எய்ட்' ஐந்து எழுத்து. நான்கு எழுத்து இருந்த இடத்தில் ஐந்து எழுத்தை நுழைக்க வேண்டும். பக்கத்தில் வேறு எங்கிருந்தாவது வெட்டி எடுக்க முடியவில்லை என்றால், அவர்கள் புதிதாகத் தட்டச்சு செய்கிறார்கள். எங்கள் மாதிரியிலும் அப்படித்தான் செய்திருக்கிறோம்.

தட்டச்சு செய்த சொல்லை மூன்று இடங்களில் பிடிக்கலாம். முதலாவது எழுத்தின் ஓரம். ஸ்கேன் ஆன எழுத்தின் ஓரத்தில் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் வழியில் இரண்டு மூன்று பிக்சலுக்குச் சாம்பல் படிகள் இருக்கும், அதுவும் ஒழுங்கில்லாமல், கடித்துவிட்டதுபோல. கணினி வரைந்த எழுத்தின் ஓரம் சீராக, கத்தியால் நறுக்கியதுபோல இருக்கும். உள்ளே உள்ள கறுப்பும் அப்படித்தான். ஸ்கேனில் மையின் கறுப்பு ஒரே கறுப்பாக இருப்பதில்லை. அடர்ந்தும் வெளிறியும் வரும். ஒட்டிய எழுத்து முழுவதும் ஒரே கறுப்பு.

இரண்டாவது சாய்வு. கையால் வைத்த தாள் அரை டிகிரியாவது சாய்வது சாதாரணம். அரை டிகிரி சாய்ந்தால் ஏ4 பக்கத்தின் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் இடையில் ஒரு வரி சுமார் 20 பிக்சல் ஏறும் அல்லது இறங்கும். வரியின் முதல் எழுத்தின் அடியையும் கடைசி எழுத்தின் அடியையும் இணைத்து ஒரு நேர்க்கோடு போட்டுப் பாருங்கள். மற்ற சொற்கள் எல்லாம் அந்தச் சாய்ந்த கோட்டின் மேல் நிற்க, தட்டச்சு செய்த சொல் மட்டும் படுக்கை மட்டத்தில் நேராக நிற்கும். நீளமான சொல்லில் இது நன்றாகத் தெரியும். ஓர் எண்ணில் தெரியாது; அதில் தேட வேண்டாம்.

மூன்றாவது எழுத்துரு. ஒரே பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு எழுத்துருக்கள் எண்களில்தான் பிரியும். ஒன்றுக்கு அடியில் பாதம் இருக்கிறதா, நான்கின் தலை மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா, ஆறின் வால் வளைகிறதா நேராக ஏறுகிறதா என்று பக்கத்தில் உள்ள மற்ற எண்களோடு ஒப்பிட வேண்டும். பழைய பட்டியல்களில் படிவத்தை முதலில் அச்சகத்தில் அடித்து, மதிப்பெண்ணை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் நிரப்பியிருப்பார்கள். அந்த எண்ணைப் பெரிதாக்கினால் புள்ளிகளை வரிசையாக வைத்துக் கட்டியது தெரியும். புள்ளி புள்ளியான எண்களுக்கு நடுவே ஓர் எண் மட்டும் வழவழவென்று இருந்தால் அது வேறு இயந்திரத்தில் பிறந்தது.

ஆனால் ஒரு பக்கத்தில் இரண்டு எழுத்துரு இருப்பதே குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். படிவத்தின் தலைப்புக்கு ஒன்று, நிரப்பிய விவரத்துக்கு இன்னொன்று என்பது வழக்கம்தான். ஒரே பத்தியில், ஒரே வேலையைச் செய்யும் எண்களுக்குள் எழுத்துரு மாறினால்தான் கேள்வி.

எழுத்துருவுக்கும் பிறந்த ஆண்டு உண்டு

எழுத்துரு இன்னொரு வகையிலும் காட்டிக்கொடுக்கும். 2017-இல் பாகிஸ்தானில் பனாமா ஆவணங்கள் தொடர்பான விசாரணையில், அன்றைய பிரதமர் நவாஸ் ஷெரீப்பின் மகள் மரியம் தரப்பு கொடுத்த ஓர் ஆவணத்தில் 2006 என்று தேதி இருந்தது. எழுத்துரு கலிப்ரி. அந்த எழுத்துரு விண்டோஸ் விஸ்டாவோடும் ஆபீஸ் 2007-ஓடும் பொதுமக்கள் கைக்கு வந்தது 2007 தொடக்கத்தில்தான். அதற்கு முன்பே சோதனைப் பதிப்புகளில் அது இருந்தது என்ற வாதமும் எழுந்தது. ஆனாலும் அந்த ஆவணத்தின் மேல் விழுந்த சந்தேகம் உலகச் செய்தியானது.

தமிழிலும் இதே அளவுகோல் உண்டு. விண்டோஸோடு வரும் லதா எழுத்துரு விண்டோஸ் 2000-இல்தான் வந்தது. நிர்மலா எழுத்துரு 2012-இல், விண்டோஸ் 8-இல் வந்தது. 1996 என்று தேதி போட்ட தமிழ்ச் சான்றிதழ் லதாவில் இருந்தால், அது அந்த ஆண்டில் அச்சானதல்ல. பிறகு வழங்கிய இரண்டாம் படியாக இருக்கலாம். அப்படியென்றால் அதில் 'இரண்டாம் படி' என்ற குறிப்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இன்னும் பின்னால் போனால் எழுத்தின் வடிவமே தேதி சொல்லும். தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது 1978-இல். அதற்கு முன் 'லை', 'னை' போன்றவற்றுக்குத் தும்பிக்கை போல மேலெழும் கொம்பு இருந்தது. 'னா', 'றா', 'ணா' தனி வடிவில் இருந்தன. தாத்தாவின் 1965-ஆம் ஆண்டுப் பள்ளிச் சான்றிதழ் என்று ஒரு படிவம் வந்து, அதன் அச்சில் தலைமையாசிரியர் என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் இன்று நாம் எழுதும் வடிவத்தில் இருந்தால், அந்தத் தாளை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வெள்ளைக்குள் வெள்ளை

புதிய எண்ணை வைப்பதற்கு முன் பழைய எண்ணை அழிக்க வேண்டும். ஐந்தை அழிக்க அதன் மேல் ஒரு வெள்ளைத் துண்டு போடுகிறார்கள். கண்ணுக்குத் தாள் வெள்ளைதான். கணினிக்கு அப்படியில்லை. பிக்சலின் வெளிச்சம் 0 முதல் 255 வரை எண்ணப்படும். 255 என்பது முழு வெள்ளை. ஸ்கேன் ஆன தாள் பெரும்பாலும் 230, 240 என்று, அதுவும் பிக்சலுக்குப் பிக்சல் கொஞ்சம் மாறி மாறித்தான் இருக்கும். ஒட்டிய துண்டு 255 ஆக இருக்கும். அல்லது 240 என்றே நிறம் பார்த்துப் போட்டிருந்தாலும் துண்டு முழுவதும் 240, 240, 240 என்று அலுங்காமல் இருக்கும்.

இந்த வித்தியாசத்தைக் கண்ணுக்குக் காட்ட கிம்பில் `Colors` பட்டியலில் `Levels` என்பதைத் திறங்கள். வரைபடத்தின் கீழே சிறிய முக்கோணங்கள் இருக்கும். இடது ஓரத்தில் உள்ள கறுப்பு முக்கோணத்தை வலப்பக்கமாக 200-ஐத் தாண்டி மெல்ல இழுங்கள். எழுத்தெல்லாம் கறுத்துப் பெருத்து அசிங்கமாகும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தாளின் நிற வேறுபாடு மட்டும் விரிந்து தெரியத் தொடங்கும். எங்கள் மாதிரியில் பக்கம் முழுவதும் மணல் தூவியதுபோல் ஆகும்போது, 81-ஐச் சுற்றி ஒரு செவ்வகம் மட்டும் கழுவிவிட்டதுபோல் மொழுமொழுவென்று நிற்கிறது. மொத்தம் எழுதிய கட்டத்தில் இன்னொன்று. எழுத்தால் எழுதிய பத்தியில் இரண்டு. மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து ஒன்றும் கிடைக்காத அந்தப் பெண், இந்த நான்கு செவ்வகங்களைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

கொஞ்சம் தேர்ந்தவர்கள் வெள்ளை போடாமல், பக்கத்தில் உள்ள வெற்றுத் தாளையே நகலெடுத்து மூடுவார்கள். அப்போது மணல் இருக்கும். ஆனால் அந்த மணலில் உள்ள தூசியும் புள்ளியும் பக்கத்திலேயே இன்னொரு முறை வரும். இரண்டு எட்டுகளின் கதைதான் இங்கேயும். தாளில் நெளிநெளியான நுண்கோடுகள் அச்சாகியிருந்தால் இன்னும் எளிது. கோடு எண்ணுக்கு அடியில் வந்ததும் அறுந்து, அந்தப் பக்கம் போய்த் தொடரும். அல்லது அரைக் கோடு தள்ளிச் சேரும். சான்றிதழ்களில் அந்தக் கோடுகளை அடிப்பதே இதற்காகத்தான்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. போனில் ஸ்கேன் எடுக்கும் செயலிகள் பின்னணியைத் தாங்களே வெளுத்துத் தருகின்றன. அதில் பக்கம் முழுவதும் 255. பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. சில ஸ்கேனர்கள் எழுத்தை ஓர் அடுக்காகவும் தாளை இன்னோர் அடுக்காகவும் பிரித்துச் சேமிக்கும். அதனால் எல்லா எழுத்தைச் சுற்றியும் வெளிறிய வளையம் தெரியும். எல்லா எழுத்துக்கும் இருந்தால் அது கருவியின் குணம். ஓர் எழுத்துக்கு மட்டும் இருந்தால் ஒரு கையின் குணம்.

முத்திரை கடந்த இடம்

மொத்தம் 410 என்று எழுதிய கட்டத்தின் மேல் எங்கள் மாதிரியின் வட்ட முத்திரை பாதி ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஊதா மை. ரப்பர் ஸ்டாம்பின் மை கண்ணாடித் தாள் மாதிரி. அடியில் உள்ள எழுத்தை மறைக்காது. கறுப்பு எழுத்தை ஊதாக் கோடு கடக்கும் இடத்தில் எழுத்தும் தெரியும், கோட்டின் சாயலும் தெரியும். வெறும் தாளில் இருப்பதைவிட அந்த இடம் அடர்ந்திருக்கும்.

38 இருந்த இடத்தில் 41-ஐ ஒட்டியபோது, அந்த இடத்தைக் கடந்துபோன வட்டக் கோடும் அடிபட்டுவிட்டது. அதை மறைக்கக் கணினியில் ஊதா வண்ணத்தில் ஒரு வளைவை வரைந்து இணைத்திருக்கிறோம். பெரிதாக்கிப் பாருங்கள். அசல் முத்திரையில் ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், இன்னொரு பக்கம் குறைவு. கோட்டின் ஓரங்களில் மை ஒதுங்கி நடுவில் வெளிறியிருக்கிறது. தாளின் மேடு பள்ளத்தால் இடையிடையே வெள்ளைப் புள்ளிகள். வரைந்த வளைவில் இதெல்லாம் இல்லை. ஒரே ஊதா, ஒரே பருமன். அதைவிட முக்கியம், அந்த வளைவு நான்கின் மேல் ஏறும்போது நான்கையே மூடிவிடுகிறது. மை அப்படிச் செய்யாது.

வண்ணத்தைப் பிரித்தும் பார்க்கலாம். ஒவ்வொரு படமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று தடங்களால் ஆனது. கிம்பில் `Colors`, `Components`, `Decompose` என்று போய் `RGB`-யைத் தேர்ந்தெடுத்தால் மூன்றும் தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் படமாகக் கிடைக்கும். ஊதா மை பச்சைத் தடத்தில் கறுத்துத் தெரியும். நீலத் தடத்தில் வெளிறிப்போகும். அசல் முத்திரை வெளிறும்போது ஒரு துண்டு மட்டும் அதே அளவு வெளிறாமல் நின்றால், அது அந்த மையில் பிறந்ததல்ல. முத்திரை முழுவதையும் வேறு சான்றிதழிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தால், அதைச் சுற்றி வெள்ளை விளிம்பும், அடியில் இருக்க வேண்டிய கையெழுத்தோ கோடோ மறைந்துபோயிருப்பதும் தெரியும்.

மங்கலாக விழுந்த முத்திரையோ, பாதி மட்டும் பதிந்த முத்திரையோ சந்தேகத்துக்கு உரியதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மை காய்ந்த பேடில் அவசரமாகக் குத்தினால் அப்படித்தான் விழும். குறையே இல்லாத, எல்லாப் பக்கமும் சமமாகப் பதிந்த முத்திரைதான் என்னை நிறுத்திப் பார்க்க வைக்கும்.

பிடிஎஃப் ஆக வந்தால்

சிலர் படத்தைத் தொடுவதில்லை. ஸ்கேன் ஆன பிடிஎஃப் மேலேயே எழுத்தை எழுதி வைத்துவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிதாக்கத் தேவையில்லை. பாப்ளர் என்ற இலவசக் கருவித் தொகுப்பில் உள்ள இரண்டு கட்டளைகள் போதும்.

```
pdfimages -list sheet.pdf
pdffonts sheet.pdf
```

முதல் கட்டளை கோப்புக்குள் எத்தனை படங்கள் இருக்கின்றன என்று சொல்லும். சாதாரண ஸ்கேனில் பக்கத்துக்கு ஒரே படம், அதுவும் பக்கம் முழுவதும் பரவியது. இரண்டாவது கட்டளை எழுத்துருக்களைப் பட்டியலிடும். ஸ்கேன் என்பது வெறும் படம்; அதில் எழுத்துருவே இருக்கக் கூடாது. `ArialMT` என்றோ `Helvetica` என்றோ ஒன்று வந்தால், யாரோ மேலே எழுதியிருக்கிறார்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு. தேடுவதற்கு வசதியாக ஸ்கேனில் உள்ள எழுத்தைக் கருவியே படித்து, கண்ணுக்குத் தெரியாத எழுத்தாகப் பக்கம் முழுவதும் சேர்த்து வைப்பது வழக்கம். அந்த எழுத்து மதிப்பெண்ணை மாற்றாது. சுட்டியால் பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். எல்லா வரியும் தேர்வானால் அது அந்த வகை. ஒரே ஓர் எண் மட்டும் தேர்வானால் அந்த எண்ணைக் கேள்வி கேளுங்கள்.

படத்தை ஏற்றினால் போலியா இல்லையா என்று வண்ண வண்ணமாகக் காட்டும் இணையதளங்கள் பல இருக்கின்றன. கறுப்பு எழுத்தும் வெள்ளைத் தாளும் சேரும் எந்த இடமும் அவற்றில் பளிச்சென்றுதான் தெரியும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் பதிவெண்ணும் உள்ள சான்றிதழைத் தெரியாத தளத்தில் ஏற்றுவதும் முறையல்ல.

தீர்ப்பு நம்முடையதல்ல

இவ்வளவு சோதனையும் ஸ்கேன் ஆன பிறகு செய்த திருத்தத்தைத்தான் காட்டும். முழுப் பட்டியலையும் புதிதாக அச்சடித்து, ரப்பர் ஸ்டாம்பும் செய்து குத்தி, அந்தத் தாளை ஸ்கேன் செய்து அனுப்பினால், ஒரே வெளிச்சம், ஒரே நொடி என்ற விதி அங்கே பிசகாது. படத்தில் எந்தக் குறையும் இருக்காது. ஆகவே சுத்தமான ஸ்கேன் உண்மைக்குச் சான்றாகாது; கறைபட்ட ஸ்கேன் மோசடிக்குச் சான்றாகாது. எங்கே கேட்க வேண்டும் என்பதை மட்டும் ஸ்கேன் சொல்லும்.

யாரைக் கேட்பது? சான்றிதழை வழங்கியவரைத்தான். தமிழ்நாட்டுப் பள்ளித் தேர்வுச் சான்றிதழ் என்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககம். பட்டம் என்றால் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம். அலுவலகங்களில் 'உண்மைத்தன்மை' வாங்குவது என்று நாம் சொல்வது இதைத்தான். 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரில் சான்றிதழ் இருக்கிறது என்றால் வேலை இன்னும் எளிது. ஆனால் டிஜிலாக்கரின் ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காதீர்கள். அதுவும் ஒரு படம்தான். மாணவரை எதிரில் உட்கார வைத்து, அவருடைய கணக்கிலிருந்தே திறக்கச் சொல்லுங்கள். சான்றிதழில் உள்ள கியூஆர் கட்டத்தைப் படித்தால், திறக்கும் பக்கத்தின் முகவரி அந்த வாரியத்தின் முகவரிதானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். போலிச் சான்றிதழ் செய்கிறவருக்குப் போலிப் பக்கம் செய்வதும் கடினமில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "பத்து மார்க்தானே, மாத்திக் கொடுத்துடலாம்" என்று சொல்லும் தரகரின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. பிள்ளையின் பெயர்தான் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-ஆம் பிரிவின்படி, ஏமாற்றுவதற்காக ஆவணத்தைப் போலியாகச் செய்தால் ஏழு ஆண்டுவரை சிறை. போலி என்று தெரிந்தே பயன்படுத்துகிறவருக்கும் போலியைச் செய்தவருக்கு உரிய தண்டனையே என்கிறது 340-ஆம் பிரிவு.

அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. திரையில் ஒரு செவ்வகம் தெரிந்ததும் மாணவரைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் 'போலி' என்று சொல்லிவிடாதீர்கள். சந்தேகப்பட்ட இடத்தையும் அதற்கான காரணத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். வந்த கோப்பை மாற்றாமல் அப்படியே சேமித்து, சோதனையை நகலில் செய்யுங்கள். அசலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வழங்கியவருக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை அந்தப் பிள்ளை சந்தேகத்துக்கு உரியவர் அல்ல, விண்ணப்பதாரர்தான். இரண்டு எட்டு ஒன்றுபோல இருந்ததற்கு ஓர் இயந்திரம் காரணமாக இருந்ததை 2013-இலேயே உலகம் பார்த்துவிட்டது.